ரெகுலரா, டைரக்டா? ஃபண்டு பெயரைப் பாருங்கள்

ஓய்வுக்காலத்துக்கு மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போடுகிறவர்கள், ஸ்டேட்மென்ட்டில் ஃபண்டு பெயருக்குப் பக்கத்தில் 'ரெகுலர்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அடுத்த தவணையிலிருந்து அதே ஃபண்டின் 'டைரக்ட்' பிளானில் போடலாம். முதலீடு ஒன்றுதான்; விநியோகஸ்தர் கமிஷன் மட்டும் இருக்காது.

ரெகுலரில் இந்தச் செலவைத் தினமும் யூனிட்டின் விலையான என்ஏவியிலேயே கழித்துவிடுவதால் தனியாகக் கண்ணில் படாது. மாதம் 10,000 ரூபாய், 30 வருடம்: ஆண்டுக்கு 12% வளர்ந்தால் சுமார் 3.49 கோடி, கமிஷன் போக 11% என்றால் 2.80 கோடி. அந்த ஒரு சதவீதம் விழுங்கியது 69 லட்சம். நாம் கட்டியதே 36 லட்சம்தான்!

பழைய யூனிட்டுகளை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். அது விற்பனையாகக் கருதப்படும். லாபத்துக்கு வரி, சிலவற்றில் சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடும் வரும். சந்தை சரியும்போது நம்மைப் பிடித்து நிறுத்தும் ஆலோசகர் இருந்தால் ரெகுலரே இருக்கட்டும்.