திரும்பிய 8 மூட்டையில் ஒளிந்திருந்த 400 ரூபாய்

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்குக் கணக்கு பார்க்கிறேன். ஒரு முறை சிமெண்ட் அடக்கவிலை மூட்டைக்கு 470 வரவேண்டிய இடத்தில் கணக்கு கொஞ்சம் குறைவாகக் காட்டியது.

பட்டியல் விலை 500. 100 மூட்டைக்கு 50,000. வியாபாரத் தள்ளுபடி 10% போக 45,000. கட்டிதட்டிய 8 மூட்டையைத் திருப்பியதற்குப் பழைய கணக்கில் 4,000 கழித்திருந்தது. கோளாறு அங்கேதான். தள்ளுபடி போக நாம் வாங்கியதே 450க்கு. அப்படியிருக்க 500 வீதம் எப்படிக் கழிப்பது? 3,600தான் கழிக்க வேண்டும். மீதி 41,400.

அப்புறம் லாரி வாடகை 1,840 சேர்த்தால் 43,240. கையில் நிற்பது 92 மூட்டை, ஆக 470 சரி.

சீக்கிரம் பணம் கட்டியதால் கிடைத்த 2% ரொக்கத் தள்ளுபடி 828ஐயும் கழிக்கச் சொன்னார் முதலாளி. அது பணம் கட்டிய வேகத்துக்குக் கிடைத்தது, சரக்கின் விலையில் வராது. இலாப நட்டக் கணக்கில் வரவு வைத்தேன்.