நாவலின் பழைய வடிவம் 30 நாளில் காணாமல் போகாமலிருக்க

கூகுள் டிரைவில் நாவலை வேர்டு கோப்பாக வைத்திருந்தால், ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் 2025-03-14-நாவல்.docx என்பதுபோலத் தேதியிட்டு ஒரு தனி நகல் எடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால், பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும்.

டிரைவ்தான் பழைய வடிவங்களை வைத்திருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வேர்டு கோப்பின் பழைய வடிவங்களை அது 30 நாளுக்கு அப்புறமோ, 100 வடிவங்கள் சேர்ந்த பிறகோ நீக்கிவிடலாம். ஜனவரியில் வெட்டிய பக்கங்களை ஜூனில் தேடினால் கிடைக்காமல் போகலாம். குறிப்பிட்ட ஒரு வடிவம் மட்டும் போதுமென்றால் Manage versions-இல் Keep forever கொடுக்கலாம். தேதியிட்ட நகல்களை ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். டிரைவோடு இணைத்த ஃபோல்டரில் ஒரு கோப்பை அழித்தால் மேகத்திலும் அழிந்துவிடும், டிராஷில் 30 நாள்தான் இருக்கும்.

கூகுள் டாக்ஸிலேயே எழுதுகிறவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவையில்லை. முக்கியமான கட்டத்தில் Name current version கொடுத்தால் போதும். ஆனால் பெங்களூரில் ஐடி வேலை பார்த்தபடி எழுதுகிறவர்கள் அலுவலகக் கணக்கில் எதையும் வைக்க வேண்டாம். வேலை மாறும் நாளில் கணக்கு மூடப்படும், நாவலும் அதோடு போய்விடும்.