பாமசியில் காலை டியூட்டி: மூன்று வேலையைத் தெரிவுசெய்யும்போது விடும் தவறுகள்

கல்லடியில் நான் வேலை செய்யும் பாமசியில் காலை டியூட்டி 8 மணிக்குத் தொடங்கும். கிளினிக் முடிந்து மருந்துத் துண்டோடு ஆட்கள் வர 10 மணியாகிவிடும். அதற்கு முன் கிடைக்கும் இரண்டு மணித்தியாலத்தில்தான் அன்றைய மூன்று கட்டாய வேலைகளை முடிக்க வேண்டும்.

'துண்டுக்கு மருந்து கொடுப்பது' என்று பட்டியலில் எழுதுவதுதான் முதல் தவறு. ஆள் வந்து நின்றால் அது எப்படியும் நடந்துவிடும். யாரும் கேட்காததால் தள்ளிப்போகிற வேலைகளைத்தான் எழுத வேண்டும். எனக்கு அவை பிரிட்ஜ் வெப்பநிலை, ஒரு தட்டின் காலாவதித் திகதிகள், ஏஜென்டுக்கு ஓடர்.

அடுத்த தவறு, 'பிரிட்ஜ் பார்' என்று மொட்டையாக எழுதுவது. இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஒருநாள் இரவு கரண்ட் போயிருந்தது. காலையில் பார்த்தபோது 5 பாகை காட்டியது, சரி என்று விட்டுவிட்டேன். மத்தியானம்தான் அதே தெர்மோமீட்டரில் பதிவாகியிருந்த கூடிய அளவைப் பார்த்தேன், 14 என்றிருந்தது. இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். காலையில் வந்த ஒருவருக்கு அதற்குள் ஒரு பெட்டி போய்விட்டது. அவரைத் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுக்கும் வரை எனக்கு நிம்மதியில்லை.

அன்றிலிருந்து 'கூடியது, குறைந்தது, இப்போது உள்ளது மூன்றையும் எழுதி ரீசெட் அழுத்து' என்றுதான் எழுதுகிறேன். ரீசெட் செய்யாவிட்டால் நேற்றைய 14 நாளைக்கும் நிற்கும், புதிதாக நடந்தது தெரியாது. கூடிய அளவு 8ஐத் தாண்டியிருந்தால் அந்த இன்சுலினை பிரிட்ஜுக்குள்ளேயே தனியாக வைத்து, கம்பனியிடம் கேட்கும் வரை விற்பதில்லை. கொஞ்ச நேரம் சூடேறியதால் மட்டும் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. உறைந்துபோன இன்சுலின் அப்படியல்ல, உருகினாலும் பாவிக்கக் கூடாது.

இடையில் வருகிற எல்லாரையும் ஒரேமாதிரி நடத்துவதும் தவறு. துண்டோடு நிற்பவரைக் காத்திருக்க வைக்க முடியாது. மருந்துக் கம்பனி ரெப் வந்தால், "தம்பி, பதினொரு மணிக்கு வாங்க, ஆறுதலாகக் கதைப்போம்" என்கிறேன். கோபித்துக்கொண்டவர் இதுவரை யாருமில்லை. 'இந்த மருந்து இருக்கா' என்று போனில் கேட்பவரின் பெயரையும் இலக்கத்தையும் உதவிக்கு நிற்கும் பிள்ளை கொப்பியில் எழுதி வைக்கிறாள். ஓடர் போனதும் நானே எடுத்துப் பேசுவேன்.

வேலையை நடுவில் விட்டு எழும்பும்போது அடையாளம் வைக்காமல் போவதுதான் அதிகம் நடப்பது. திரும்பி வந்து 'இதைப் பார்த்தாச்சு' என்ற நினைப்பில் நான்கைந்து பெட்டிகளைத் தாண்டிவிடுவோம். காலாவதி பார்க்கையில், கடைசியாகப் பார்த்த பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டு எழும்புகிறேன். ஓடரில் கடைசிப் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. குளிசை எண்ணும்போது குழம்பினால் மட்டும் எந்த அடையாளத்தையும் நம்புவதில்லை, எல்லாவற்றையும் தட்டில் கொட்டி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்.