விடைபெறும் மேடையில் பெயர்ப் பட்டியல் வாசிக்காதீர்கள்

ஒளிப்பதிவு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற அன்று, கல்லூரி அரங்கத்தில் மாணவர்களுக்கு நன்றி சொல்லப் போய் நன்றாகவே சொதப்பினேன். அடுத்து அந்த மேடையேறப் போகும் சினிமா வாத்தியாருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பெரிய தவறு, பெயர்ப் பட்டியல். படம் பண்ணி வெளியே தெரிந்த பன்னிரண்டு பேரின் பெயர்களை வாசித்தேன். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டில் வந்திருந்தவர்கள் இரண்டே பேர். லீவு போட்டு, பஸ் பிடித்து வந்தவர்களோ கல்யாண வீடியோ எடுப்பவர்கள், சேனல் எடிட்டர்கள், சினிமாவே வேண்டாம் என்று வங்கி வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்குத்தான் நன்றி சொல்லாமல் விட்டேன்.

அதற்கடுத்து, ‘எங்க காலத்துல’ என்று ஆரம்பித்தேன். 16 எம்எம் ஃபிலிமில் 400 அடி ரோல் பதினொரு நிமிஷம்தான் ஓடும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் யோசிப்போம், நீங்கள் மெமரி கார்டு நிறைய எடுத்துத் தள்ளுகிறீர்கள் என்றேன். நன்றியுரை கண்டிப்பு உரையாக மாறியது. முன்வரிசையிலேயே போனை எடுத்துவிட்டார்கள்.

அதே ரோலை வைத்து வேறு மாதிரி பேசியிருக்கலாம். ஒரு மாணவன், வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக் என்ற துணிப்பைக்குள் கைவிட்டு, கேமராவின் ஃபிலிம் பெட்டியான மேகசினை லோடு பண்ணினான். ஃபிலிமின் துளைகள் பல்சக்கரத்தில் சரியாக உட்காரவில்லை. கேமரா ஓடியதும் கரகரவென்று சத்தம். திறந்தால் ஃபிலிம் கசங்கிக் கிடக்கிறது. திட்டினேன். அவன், “சார், நீங்க வெளிச்சத்துல காட்டுனீங்க. உள்ள எனக்கு ஒண்ணும் தெரியலயே” என்றான். மறுவாரம் முதல், வீணான ரோலைக் கொடுத்து முதலில் வெளிச்சத்தில், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, கடைசியில்தான் பைக்குள் என்று பாடத்தை மாற்றினேன். அவன் பெயரைச் சொல்லாமலே இதைச் சொல்லியிருந்தால் போதும். எதற்கு நன்றி என்பது அதிலேயே இருக்கிறது. உங்களை மாற்றிய மாணவர் ஒருவர் உங்களுக்கும் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

மாணவர் படங்களின் தொகுப்பை உரைக்கு நடுவில் போடாதீர்கள். விளக்கு அணைந்து, புரொஜெக்டரில் சத்தம் வராமல், ஒருவர் கேபிளோடு ஓடி வருவதற்குள் பேச்சு செத்துப்போகும். போடத்தான் வேண்டுமென்றால், அரங்கத்தின் அதே லேப்டாப்பில் முந்தின நாளே ஓட்டிப் பார்த்து, பேசி முடித்த பிறகு போடுங்கள்.

இன்னொன்று, நான் கூசாமல் செய்த தொழில் தவறு. முகத்தில் ஸ்பாட் லைட், அரங்கம் முழுக்க இருட்டு. மேடையிலிருந்து பார்த்தால் கறுப்புதான். யாருக்கு நன்றி சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. லைட் பார்க்கும் பையனிடம் ‘ஹால் லைட்டைப் பாதி வை தம்பி’ என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த அந்த மேகசின்காரனைப் பேசும்போதே பார்த்திருப்பேன். காபி கப்போடு அவனே வந்து பேசியபோதுதான் வந்திருக்கிறான் என்று தெரிந்தது.