ஒன்பது மார்க் வாங்கிய பிள்ளை ஏன் பால் குடிக்கவில்லை? (பிறந்த முதல் ஒரு மணி நேரம், லேபர் ரூமுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த முதல் மார்கழி. விடிகாலை நாலரைக்குச் சுகப்பிரசவம், பெண் பிள்ளை, 2.7 கிலோ. பிறந்ததும் வீறிட்டு அழுதது. ஐந்தாவது நிமிட அப்கார் 9 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிள்ளை மார்பில் வாயை வைக்கிறது, சப்பவில்லை. எங்கே தப்பு என்று அன்றைக்குத் தெரியவில்லை. தெரிந்தபின் நான் செய்யும் முறை இது.

பிரசவத்துக்கு முன்னால்

ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. மதுரை வெயிலில் இது எதற்கு என்று சிரிப்பார்கள். ஆனால் பிள்ளை நனைந்த உடம்போடு 37 டிகிரி வயிற்றிலிருந்து வெளியே வருகிறது. ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். சித்திரையில்கூட ஃபேனுக்கடியில் பிள்ளை குளிர்ந்துவிடும்.

இரண்டு துணி எடுத்து வார்மரில் காய வையுங்கள். கடையில் வாங்கிய புது டவலைவிட, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிதான் எனக்குப் பிடிக்கும். புதுத்துணி ஈரத்தை இழுக்காது. துவைத்து வெயிலில் காய்ந்ததா என்று மட்டும் பாருங்கள்.

துடைப்பது, மார்க் போடுவது

முதல் துணியில் தலை, முதுகு, கை கால் எல்லாம் அழுத்தித் துடைத்து, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஈரத்துணியிலேயே பிள்ளையைச் சுற்றி வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. துடைத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லையென்றால் மார்க் போட நிற்காதீர்கள். முதல் நிமிடத்துக்குள்ளேயே பை-மாஸ்க் போட வேண்டும். அப்கார் பிள்ளையின் நிலையைக் குறித்து வைக்கத்தான், சிகிச்சையைத் தொடங்கலாமா என்று கேட்க அல்ல.

ஒன்றாம் நிமிடமும் ஐந்தாம் நிமிடமும் இதயத்துடிப்பு, மூச்சு, தசை விறைப்பு, தூண்டினால் எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் 0, 1, 2 என்று போடுகிறோம். ஐந்தாம் நிமிடத்தில் 7-க்குக் கீழே இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் வரை திரும்பப் போட வேண்டும். துடிப்பை ஆறு வினாடி எண்ணி, பத்தால் பெருக்குங்கள். செல்போன் வேண்டாம், வினாடி முள் உள்ள சுவர்க் கடிகாரம் போதும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் நிறம். உடம்பு சிவந்து, உள்ளங்கை கால் நீலமாக இருந்தால் 1 தான். நம் பிரசவ அறைப் பதிவேட்டில் எல்லாப் பிள்ளையும் 10 வாங்கியிருந்தால் யாரோ பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அன்றைக்கு என் பிள்ளைக்கு ஒன்றாம் நிமிடத்தில் துடிப்பு 2, மூச்சு 2, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று, ஆக 7. ஐந்தாம் நிமிடத்தில் நிறம் தவிர எல்லாம் 2, ஆக 9. கணக்கு சரி. ஆனால் அந்த ஐந்தில் உடம்புச் சூடு இல்லையே! அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

என்னைச் சறுக்க வைத்த படி

மார்க் போட்ட கையோடு எடை பார்க்கத் தூக்கிப் போனேன். வெறும் தட்டுத் தராசு, தலைக்கு மேலே ஃபேன். பிறகு ஊசி, அடையாளப் பட்டி, அப்புறம் வெளியே நின்ற சொந்தக்காரர்களிடம் காட்டல். தாயிடம் வந்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது.

மூத்த சிஸ்டர் வந்து புறங்கையால் பிள்ளையின் வயிற்றைத் தொட்டார், பிறகு பாதத்தை. "வயிறு சூடா இருக்கு, பாதம் ஜில்லுன்னு இருக்கு. குளிருது பிள்ளைக்கு" என்றார். அக்குளில் தெர்மாமீட்டர் 36.1. இருக்க வேண்டியது 36.5-லிருந்து 37.5. வயிறும் பாதமும் இரண்டுமே குளிர்ந்திருந்தால் இன்னும் மோசம், டாக்டரைக் கூப்பிட வேண்டும். குளிர்ந்த பிள்ளை தன் சர்க்கரையைச் சூடுக்காகச் செலவழிக்கும், சோர்ந்து போகும், சப்பாது. சப்பாவிட்டால் சர்க்கரை இன்னும் இறங்கும்.

தாயின் நெஞ்சில் வெற்றுடம்போடு குப்புறப் போட்டு, தொப்பி போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்தினோம். அரை மணியில் 36.7. சிறிது நேரத்தில் நாக்கை நீட்டி, தலையை ஆட்டித் தானே காம்பைத் தேடிப் பிடித்தது.

ஆகவே பிறந்ததிலிருந்தே நெஞ்சில்தான். கொடியை ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் கட்டுவதுகூட அங்கேயே. எடையும் வைட்டமின் கே ஊசியும் முதல் பால் குடித்தபின். குளிப்பாட்டல் அன்றைக்கே வேண்டாம். நெஞ்சில் போட்டபின் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூக்கு தெரிகிறதா, கழுத்து மடங்காமல் இருக்கிறதா, மூச்சு, நிறம் எப்படி என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். தாய் அசந்து தூங்கினால் பக்கத்தில் ஆள் வேண்டும்.

பால்

வாயை இழுத்துத் திணிக்காதீர்கள். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பில் பட்டிருந்தால் பிடி சரி. தாய்க்கு வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்து மறுபடி வையுங்கள்.

நம் ஊரில் பெரிய சிக்கல் சேனை. அன்றைக்கும் அப்பத்தா சர்க்கரைத் தண்ணீரோடு நின்றார்: "நர்சம்மா, பிள்ளை தொண்டை காஞ்சு கெடக்கு, ஒரு சொட்டு வச்சிர்றேன்." சண்டை போட்டால் நாம் போனபின் வைப்பார். "அப்பத்தா, சீம்பால்தான் இதுக்கு முதல் சேனை. நீங்க பிள்ளை தலையைத் தாங்கிப் பிடிங்க" என்றேன். பிடித்தார். சீம்பால் ஒரு தேக்கரண்டிதான் வந்திருக்கும். முதல் நாள் பிள்ளை வயிற்றுக்கு அதுவே போதும்.

பின்சேர்க்கை: சிசேரியனுக்கு என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். தாய் விழித்திருந்து, பிள்ளையும் நன்றாக இருந்தால் ஆபரேஷன் டேபிளிலேயே நெஞ்சில் வைக்கலாம். ஆனால் அந்த அறை ஏசி குளிர், ஆகவே அக்குள் சூட்டைக் கால் மணிக்கு ஒருமுறை பாருங்கள். இன்னொருவர் பாதரசத் தெர்மாமீட்டர் போதுமா என்றார். நான் டிஜிட்டல்தான் வைத்திருக்கிறேன், ஆனால் 35-க்குக் கீழேயும் காட்டும் வகையா என்று பார்த்து வாங்குங்கள்.