முதல் ஊழியர், ஒரே சம்பளம், இரண்டு கணக்கு

மலேசியாவில் ஒரே ஓர் ஆளை வேலைக்கு வைத்தாலும் முதலாளி இரண்டு இடங்களில் பதிந்தாக வேண்டும். ஊழியர் சேமநிதி வாரியத்தில் 7 நாட்களுக்குள். சொக்சோ எனப்படும் பெர்கேசோ சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் 30 நாட்களுக்குள். சொக்சோவில் கடையைப் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அந்த ஊழியரின் பெயரையும் Borang 2 வழியாகத் தனியே பதிய வேண்டும்.

பெரும்பாலான சிக்கல், இரு அலுவலகங்களும் சம்பளத்தை ஒரே கண்ணால் பார்க்கின்றன என்று நினைப்பதிலிருந்து வருகிறது. ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை, சொக்சோ பிடிக்கிறது. ஆண்டு போனசுக்கு நேர்மாறு: சேமநிதி உண்டு, சொக்சோ இல்லை.

ஒரு கார் பட்டறையில் அடிப்படைச் சம்பளம் 2,000 ரிங்கிட், ஓவர்டைம் 300 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சேமநிதிக்கு 2,000தான் கணக்கு: ஊழியர் பங்கு 11 விழுக்காடு, 220 ரிங்கிட், முதலாளி பங்கு 13 விழுக்காடு, 260 ரிங்கிட். சொக்சோவில் 2,300க்கான வரிசையைப் பார்க்க வேண்டும்: முதலாளி 39.35, ஊழியர் 11.25. சொக்சோவே வசூலிக்கும் வேலை காப்புறுதிக்கு இருவரும் ஆளுக்கு 4.50. அட்டவணையில் சம்பளம் படிப்படியாக இருப்பதால், விழுக்காட்டை வைத்துக் கால்குலேட்டரில் தட்டினால் சில காசுகள் இடறும். அட்டவணைத் தொகையையே எழுதுங்கள்.

சொக்சோவுக்கும் 2,000 என்று காட்டினால் முதலாளிக்கு மாதம் ஆறு ரிங்கிட்கூட மிஞ்சாது. ஆனால் அந்த ஊழியர் வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மருத்துவ விடுப்பில் இருந்தால், அறிவித்த சம்பளத்தின் நாள் சராசரியில் 80 விழுக்காடுதான் உதவித்தொகை. மாதந்தோறும் ஓவர்டைம் செய்தவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 8 ரிங்கிட் குறையும். இயலாமை ஓய்வூதியமும் அறிவித்த சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது.

அடுத்தது மாதத்தின் பெயர். புதிய முதலாளிகள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆள் ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜூலைச் சம்பளத்துக்கான இரண்டு சந்தாக்களுக்கும் கடைசி நாள் ஆகஸ்ட் 15. ஆனால் சேமநிதியின் Borang A-இல் அது ‘ஆகஸ்ட்’ சந்தா. சொக்சோவின் Borang 8A-இல் ‘ஜூலை’ சந்தா. சேமநிதியின் இணையக் கணக்கான i-Akaun-இல் ஜூலை என்று தேர்ந்தெடுத்தால் பணம் ஜூன் சம்பளக் கணக்கில் போய் விழும். அப்போது ஆள் வேலைக்கே சேர்ந்திருக்கமாட்டார். ஆகஸ்ட் சந்தாவோ கட்டாததாகத் தெரியும். தாமதக் கட்டணமும் தொடரும்.

வயதையும் பாருங்கள். 60 வயதை எட்டிய மலேசியரிடம் சேமநிதிக்கோ சொக்சோவுக்கோ பிடித்தம் செய்யக் கூடாது. முதலாளி மட்டும் சேமநிதிக்கு 4 விழுக்காடும், சொக்சோவின் இரண்டாம் பிரிவில் வேலை விபத்துக்கான சந்தாவும் கட்ட வேண்டும்.