312 கிலோவா, 1,000 கிலோவா? ஒரு புளி பாக்கெட் தொழிலின் கணக்கில் நேர்ந்த தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாசி, பங்குனி வந்தால் வீட்டுத் திண்ணைகளில் புளி தட்டும் சத்தம் கேட்கும். ஓடு நீக்கிய கொட்டைப் புளியை மூட்டையாக வாங்கி, கொட்டை எடுத்து, ஒரு கிலோ பாக்கெட்டாகக் கட்டி ஓசூர் கடைகளுக்குப் போடும் ஒரு அக்காவின் நோட்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவர் விற்பது ஒரே பொருள், ஒரே அளவு. லாப நட்டக் கணக்கைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய தொழில் கிடைக்காது. அப்படியும் முதல் வருடம் கணக்கு மூன்று மடங்கு தப்பிப் போனது. எண்களைச் சற்று முழுமையாக்கிச் சொல்கிறேன். தவறுகள் அப்படியே அவருடையவை.

“தம்பி, மாசம் 312 கிலோ போனா செலவெல்லாம் அடைஞ்சிடும். நான் 700 கிலோ விக்கிறேன். ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது” என்றார்.

நோட்டைப் பார்த்தேன். விலை 200 ரூபாய் என்று எழுதி, அதில் கிலோவுக்கு ஆகும் செலவு 104 ரூபாயைக் கழித்து, மீதி 96 என்று போட்டிருந்தார். மாத வாடகை, மேற்பார்வை ஆளின் சம்பளம், கரண்ட், வட்டி எல்லாம் சேர்த்து 30,000. அதை 96-ஆல் வகுத்தால் 312.5. வகுத்ததில் பிழை இல்லை, வகுக்க எடுத்த எண்களில்தான் பிழை.

பாக்கெட்டில் அச்சடித்த விலை நம் விலை இல்லை

200 ரூபாய் என்பது எம்.ஆர்.பி. கடைக்காரர் அக்காவுக்குக் கொடுப்பது 160 ரூபாய். அதிலும் ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுக்கு 5 சதவீதம், அதாவது 8 ரூபாய் கமிஷன். விற்றால்தான் கமிஷன், விற்காவிட்டால் இல்லை. எனவே அது கிலோவோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவு. அதை அவர் மாதக் கடைசியில் தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்ததால் கிலோ கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒரு கிலோவுக்கான மாறும் செலவை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ கொட்டைப் புளியை, கிலோ 54 ரூபாய் என்று, 5,400 ரூபாய்க்கு வாங்குகிறார். அதில் சுமார் 60 கிலோ சுத்தமான புளி தேறுகிறது. ஆக ஒரு கிலோ புளிக்கு 90 ரூபாய். கூடவே கிடைக்கும் 35 கிலோ கொட்டையை கிலோ 12 ரூபாய்க்கு விற்பதில் 420 ரூபாய் வருகிறது. அதை 60 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 7 ரூபாய் கழிவு. மிச்சம் 83. கொட்டை எடுக்கும் கூலி 15, கவரும் லேபிளும் 4, வண்டி வாடகை 2, கமிஷன் 8. மொத்தம் 112 ரூபாய்.

160-இல் 112 போனால் 48. இதைத்தான் பங்களிப்பு என்கிறோம். ஒவ்வொரு கிலோவும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் கொண்டுவந்து கொடுக்கும் பணம் இது. லாபம் என்ற பெயர் அதற்கு இன்னும் வரவில்லை.

அந்த 30,000-இலும் ஒன்று குறைந்தது. அக்கா காலை ஏழு மணியிலிருந்து ராத்திரி வரை உழைக்கிறார், ஆனால் தனக்கென்று ஒரு ரூபாய்கூடச் சம்பளம் எழுதவில்லை. இதே வேலையை வெளியில் செய்தால் 18,000 கிடைக்கும் என்று அவரே சொன்னார். அதையும் சேர்த்தால் நிலையான செலவு 48,000.

லாப நட்டமில்லாப் புள்ளி = நிலையான செலவு ÷ ஒரு கிலோவின் பங்களிப்பு

48,000 ÷ 48 = 1,000 கிலோ. ரூபாயில் 1,60,000 விற்பனை.

நோட்டுப்படி 700 கிலோவில் 37,200 ரூபாய் மிஞ்சியிருக்க வேண்டும். உண்மையில் 700 × 48 = 33,600; அதில் 30,000 போக 3,600. ஒரு மாத உழைப்புக்கு அவர் கையில் நின்றது அவ்வளவுதான். பணம் எங்கேயும் ஓட்டையில் போகவில்லை, வரவே இல்லை.

எதன் மேல் சதவீதம்?

இதைச் சொன்னதும் அவர் வேறு வழியில் சரிபார்க்க முயன்றார். வியாபாரிகள் பழக்கத்தில், போட்ட செலவின் மேல் எத்தனை சதவீதம் வைத்து விற்கிறோம் என்றுதான் யோசிப்போம். 112-க்கு மேல் 48, அதாவது ஏறக்குறைய 42.86 சதவீதம். நிலையான செலவு 48,000-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால் 1,12,000 ரூபாய் வரும். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஏனென்றால் 700 கிலோவுக்கு அவருடைய விற்பனையும் அதே 1,12,000-தான்! “அப்போ நான் சரியாத்தானே இருக்கேன்?”

இந்தத் தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சூத்திரம் தெரிந்தவர்களும் இதில் விழுகிறார்கள். விடையும் நம்பும்படியாக வந்து நிற்கும். பங்களிப்பு விகிதம் எப்போதும் விற்பனை விலையின் மேல்தான்: 48 ÷ 160 = 30 சதவீதம். ஒவ்வொரு நூறு ரூபாய் விற்பனையிலும் முப்பது ரூபாய்தான் நிலையான செலவை அடைக்க வருகிறது. 48,000 ÷ 0.30 = 1,60,000. கிலோ கணக்கில் வந்த அதே விடை.

அப்படியானால் 1,12,000 என்பது என்ன? 1,000 கிலோ விற்கும்போது புளி, கூலி, கவர், வண்டி, கமிஷனுக்கு ஆகும் மாறும் செலவு அது. விற்பனை என்று நினைத்தது செலவாகப் போய்விட்டது. அவர் நின்ற இடத்தில், தன் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால், மாதம் 14,400 ரூபாய் நட்டம். சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: விற்பனையை விலையால் வகுத்து கிலோவாக்கி, அதைப் பங்களிப்பால் பெருக்கிப் பாருங்கள். நிலையான செலவு அப்படியே வந்தால் சரி. 700 × 48 என்பது 48,000-ஐ எட்டாது.

பாதுகாப்பு எல்லை எதிலிருந்து பாதுகாக்கிறது?

அடுத்த வருடம் தர்மபுரி, காவேரிப்பட்டினம் கடைகளும் சேர்ந்து விற்பனை 1,250 கிலோவுக்கு ஏறியது. மாத லாபம் 250 × 48 = 12,000, தன் சம்பளம் போக. சந்தோஷம்தான். புள்ளியைத் தாண்டிய அந்த 250 கிலோதான் பாதுகாப்பு எல்லை.

அதைச் சதவீதமாக்கும்போது 250-ஐ 1,000-ஆல் வகுத்து 25 என்று எழுதினார். வகுக்க வேண்டியது இப்போதைய விற்பனையால்: 250 ÷ 1,250 = 20 சதவீதம். நாம் கேட்கும் கேள்வி, ‘இப்போது விற்பதில் எவ்வளவு குறைந்தால் நட்டம் தொடங்கும்?’ என்பது. 25 சதவீதம் குறைந்தாலும் தாங்கும் என்று நம்பியிருந்தால், 938 கிலோவில் ஏறத்தாழ 3,000 ரூபாய் நட்டத்தில் நின்றிருப்பார்.

ஆனால் இதைவிடப் பெரிய தவறு வேறு. 20 சதவீதம் என்றதும், எது வந்தாலும் இருபது சதவீதம் வரை தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். பாதுகாப்பு எல்லை அளப்பது விற்பனை அளவு குறைவதை மட்டும்தான். விலை, கூலி, தேறும் அளவு எல்லாம் மாறாமல் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

கொட்டைப் புளி கிலோ 54-இலிருந்து 60-க்கு ஏறுகிறது என்று வையுங்கள். காய்ப்பு குறைந்த வருடத்தில் ஆறு ரூபாய் ஏறுவதை மண்டிக்காரர்கள் பெரிதாகவே பேச மாட்டார்கள். 60 கிலோதான் தேறும் என்பதால் ஆறு ரூபாய் ஏற்றம் சுத்தமான புளியில் பத்து ரூபாயாகிவிடும். பங்களிப்பு 48-இலிருந்து 38. புள்ளி 48,000 ÷ 38, அதாவது 1,263 கிலோவுக்கு மேல். விற்பனை ஒரு கிலோகூடக் குறையவில்லை, அதே 1,250. லாபம் 12,000 போய் 500 ரூபாய் நட்டம். வாங்கும் விலையில் 11 சதவீத ஏற்றம், 20 சதவீதப் பாதுகாப்பை முழுவதும் தின்றுவிட்டது.

அதனால் ஒவ்வொரு முறை கொள்முதல் செய்யும்போதும் புள்ளியைப் புதிதாகப் போட வேண்டும். வருடத் தொடக்கத்தில் போட்ட 1,000-ஐச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டிருந்தால் அது பழைய மூட்டையின் கணக்கு.

கூலியை மாதச் சம்பளமாக மாற்றும்போதும் இதே கதைதான். 1,250 கிலோவுக்குக் கூலி 18,750 ஆகிறது. அதற்குப் பதில் மாதம் 18,000-க்கு ஆள் வைத்தால் 750 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். மிச்சம்தான். ஆனால் நிலையான செலவு 66,000 ஆகும், பங்களிப்பு 63 ஆகும், புள்ளி ஏறக்குறைய 1,048 கிலோவுக்கு நகரும். விற்பனை 1,000-க்கு இறங்கும் மாதத்தில், முன்பு சமமாக நின்ற இடத்தில் 3,000 நட்டம். அக்கா கிலோ கூலியிலேயே இருக்கட்டும் என்றார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவருடைய விற்பனை இன்னும் ஒரு சீராக நிற்கவில்லை.

150 ரூபாய் அடக்கம் என்ற மாயை

ஓசூர் ஓட்டல் ஒன்று நேரடியாக 200 கிலோ கேட்டது, விலை 140. “எனக்கு அடக்கமே 150 ஆகுது” என்று அவர் மறுக்கப் பார்த்தார். 48,000-ஐ 1,250-ஆல் வகுத்து வந்த 38.40-ஐ 112-உடன் கூட்டி அப்படி எழுதியிருந்தார். இந்த ஆர்டரால் வாடகை ஏறப்போவதில்லை. ஏஜென்டும் இல்லை, ஆக மாறும் செலவு 104. கிலோவுக்கு 36 வீதம் 7,200 ரூபாய் கூடுதலாக வரும். ஆனால் கடைக்காரர்களுக்கு இந்த விலை தெரிந்து அவர்களும் 140 கேட்டால் கதை தலைகீழ். கடைகளின் பங்களிப்பு 48-இலிருந்து 29-க்கு விழுந்துவிடும். 140-இல் கமிஷன் 7 என்பதால் மாறும் செலவு 111. அதனால் ஓட்டலுக்கு பத்து கிலோ மூட்டையாக, லேபிள் இல்லாமல் அனுப்பினார்.

இப்போது அவர் லோடு வாங்கும் முன் மாதிரிக்கு 10 கிலோ எடுத்து, தட்டி, எடை போடுகிறார். போன பங்குனியில் வந்த ஒரு லோடில் புளி 5.5 கிலோதான் தேறியது, கொட்டை 3.8 கிலோ. கிலோவுக்கு 83 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றால் 5.5 × 83 = 456.50, கொட்டையில் வரும் 45.60-ஐச் சேர்த்தால் 10 கிலோவுக்கு ஏறக்குறைய 502. வியாபாரி 54 சொன்னார். அக்கா நோட்டை மூடிவிட்டு, “50-ன்னா இறக்குங்க” என்றார்.